சிறப்புரையில் உரையின் பங்கு: ஓர் அளவியல் ஆய்வு

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றின் சிறப்புரை நிகழ்ச்சி நிரலில், இரண்டே இரண்டு உருப்படிகளுக்குத்தான் அரசு கால அளவு வகுத்திருக்கிறது. தொடக்கத்தில் வரும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி; முடிவில் வரும் நாட்டுப்பண்ணுக்கு ஏறத்தாழ 52 விநாடி. நடுவில் வரும் எதற்கும் வரம்பு கிடையாது. இத்துறையின் சிக்கல்கள் அனைத்தும் அந்த நடுவில்தான் பிறக்கின்றன என்பது எமது கருதுகோள்.

ஆய்வுக்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் ஒரு பம்ப் தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறியாளர். தலைப்பு: மோட்டார் பேரிங்குகள் ஏன் கெடுகின்றன. கேட்போர் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள். நேரம் 10 முதல் 11.30 வரை, ஆக 90 நிமிடம். விருந்தினர் அதை நம்பி 48 ஸ்லைடுகள் செய்து வந்திருக்கிறார்.

தாளாளர் வந்து சேர 20 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்தும் குத்துவிளக்கும் சேர்த்து 5. சுடர் நிற்க வேண்டும் என்பதால் மின்விசிறியை அணைக்க ஆள் தேடியதும் இதில் அடக்கம். வரவேற்புரை 7. முதல்வர் உரை 10. "விருந்தினரின் நேரத்தை நான் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை" என்று அவர் சொல்வது அதில் நாலாவது நிமிடத்தில். விருந்தினரைப் பற்றிய அறிமுகம் 6, பொன்னாடை 4. மிச்சம் 38. விருந்தினரின் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ, அரங்கத்து ப்ரொஜெக்டரில் விஜிஏ. இரண்டையும் இணைக்கும் கனெக்டர் லேபில் பூட்டிய பீரோவில். அதற்கு 4. நன்றியுரை, நினைவுப் பரிசு, குழுப்படம், நாட்டுப்பண் எல்லாம் 12. உரைக்குக் கிடைப்பது 22 நிமிடம்.

48 ஸ்லைடுக்கு 22 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 27.5 விநாடி. தமிழ்த்தாய் வாழ்த்தில் மிகச் சரியாகப் பாதி. இது தற்செயல் என்று சொல்வோர் உண்டு. ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லக் கூடாது.

இந்த 22 நிமிடத்திலும் ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடந்து படம் எடுப்பார். நாக் குழுவுக்கான கோப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதியோடு படம் இருக்க வேண்டும். நிகழ்ச்சி நடந்தது, எங்கே நடந்தது, எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கெல்லாம் அது சான்று. யாராவது கேட்டார்களா என்பதற்கு இன்னும் கருவி வரவில்லை.

அடுத்து, "எனி டவுட்ஸ்?" என்ற கட்டம். முதல் கேள்வி பேராசிரியர் ஒருவருடையது. அது கேள்வியே அல்ல, சிறு உரை. இரண்டாவது, ஒருங்கிணைப்பாளர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டிலிருந்து ஒரு மாணவி படிப்பது. பிறகு மௌனம். மாணவர்களுக்குச் சந்தேகமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அவசர முடிவு. துறைத்தலைவர் முன்வரிசையில் இருக்க, மைக்கைப் பிடித்து, ஆங்கிலத்தில், எழுந்து நின்று கேட்க வேண்டும் என்றால் நாமும் வாயைத் திறக்க மாட்டோம்.

விவரம் தெரிந்த விருந்தினர் ஸ்லைடுகளைக் கைவிட்டுவிட்டுப் பையிலிருந்து கெட்டுப்போன பேரிங் ஒன்றை எடுப்பார். வெளிவளையத்தை அறுத்துப் பிளந்திருப்பார். உள்ளே ஓடுதடத்தில் துணி துவைக்கும் பலகை போலச் சீரான வரிகள் தெரியும். அதை முதல் வரிசைக்குக் கொடுத்து, கைமாற்றிக்கொண்டே போகச் சொல்லிவிட்டுப் பேசுவார்: விஎஃப்டி வைத்து ஓட்டும் மோட்டாரில் தண்டில் மின்னழுத்தம் ஏறும், அது பேரிங் வழியாக இறங்கும்போது உருளைக்கும் தடத்துக்கும் நடுவே நுண்பொறிகள் பாய்ந்து குழிகள் விழும், அந்தக் குழிகளே நாளடைவில் வரிகளாகும். கிரீஸ் எத்தனை தடவை மாற்றினாலும் இது நிற்காது.

இரும்பு கடைசி பெஞ்சை அடையும்போது அங்கே போன்கள் கீழே இறங்குவது கவனிக்கத்தக்கது. ஓ.டி.க்காக வந்து உட்கார்ந்த ஒருவன் மைக் இல்லாமலே கேட்பான்: "சார், பாடிய எர்த் பண்ணிட்டா போதாதா?" அன்றைய தினத்தின் ஒரே அசல் கேள்வி அது. போதாது; மின்னோட்டம் பேரிங்கைத் தவிர்த்துப் போகத் தண்டில் உரசி நிற்கும் பிரஷ் வேண்டும், அல்லது இன்சுலேட்டட் பேரிங் போட வேண்டும். பதில் பாதியில் இருக்கும்போது, நேரமாகிவிட்டதென்று சீட்டு வரும்.

பிறகு முதல்வர் அறையில் தேநீர், முந்திரி பிஸ்கட். இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு எத்தனை பேரை எடுப்பீர்கள், புராஜெக்டுக்கு உங்கள் பழைய மோட்டார் ஒன்று கிடைக்குமா என்ற உண்மையான பேச்செல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எர்த் பற்றிக் கேட்டவன் அங்கே இல்லை. அவனுக்கு அனுமதியும் இல்லை. கார் நிற்கும் இடத்தில், பேரிங்கைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் காத்திருப்பான்.

ஆகவே கல்லூரி நிர்வாகங்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை: பொன்னாடையை வாசலிலேயே போர்த்திவிடுங்கள். தேநீரை அரங்கத்துக்கே கொண்டுவாருங்கள், கடைசி பெஞ்சுக்கும் சேர்த்து.