மஞ்சள் புள்ளி

மீட்டிங் இல்லாத நேரம் ஒன்று வேண்டும் என்று முடிவெடுக்க எங்கள் ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் மூன்று மீட்டிங் நடந்தது. மூன்றாவதில் தீர்ப்பு வந்தது: தினமும் மதியம் 2 முதல் 4 வரை ‘ஃபோகஸ் டைம்’. கேண்டீன் சாம்பார் சாதம் கண்ணைச் செருகும் நேரம். “காலையில வைக்கலாமே சார்?” என்றேன். “காலையில எனக்கு அப்டேட் வேணும்ப்பா.”

முதல் நாள் 2 மணிக்கு, ஒரு பில்லில் வரி ஏன் இரண்டு முறை விழுகிறது என்று பேப்பரில் கோடு போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். மவுஸைத் தொடவில்லை. ஐந்து நிமிடம் கை படாவிட்டால் டீம்ஸில் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். 2:17-க்கு மெசேஜ்: “இருக்கீங்களா? டூ மினிட்ஸ் குயிக் கால்.” இரண்டு நிமிடம் நாற்பதானது. திரும்பி வந்தால் எந்தக் கோடு எதற்குப் போட்டது என்று எனக்கே புரியவில்லை. கேட்டால், குயிக் கால் மீட்டிங் இல்லையாம். கொசுவுக்குப் பேர் மாற்றினால் கடிக்காதா?

அடுத்தது ‘கோர் ஹவர்ஸ்’. நியூ ஜெர்சிக்காரர்களோடு சேர்ந்திருக்க மாலை 6:30 முதல் 8:30. அவர்களுக்குக் காலை 9 முதல் 11. காபியோடு வந்து உட்காருவார்கள். நியாயம்தான். ஆனால் 9:30-க்கு உள்ளே வந்தவன் பதினோரு மணி நேரம் கிடக்கிறானே, அவன் தாமதமாக வரட்டும் என்று எவனாவது சொன்னானா? நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். திங்கட்கிழமை எங்கள் 6:30 தானாகவே 7:30 ஆகிறது. ஒரு மெயில்கூடக் கிடையாது. நான் வீட்டுக்குப் போகும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

செவ்வாய், வியாழன் அலுவலகம் வந்தே ஆக வேண்டும், ‘சேர்ந்து வேலை செய்ய’. ஒன்றரை மணி நேரம் டிராபிக்கில் வெந்து வந்து, நாலு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஹெட்செட் மாட்டி ஒரே காலில் பேசுகிறோம். ஐந்தாவது ஆள் வீட்டில் இருக்கிறார் அல்லவா! என் குரல் பக்கத்து மைக் வழியாக எனக்கே திரும்பி வருகிறது.

வயிறு எரிவது இதற்கெல்லாம்கூட இல்லை. நாங்கள் 10 மணிக்கு உட்காரும்போது நியூ ஜெர்சியில் நள்ளிரவை ஒட்டிய நேரம். அங்கிருந்து ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். காசில்லாமல் கிடைத்த அமைதி அது. பேச வேண்டியதை மாலைக்குத் தள்ளி, 10 முதல் 12:30 வரை வேலையைப் பார்த்துவிட்டு, மதியம் வீட்டுக்குப் போய், மாலை நேரக் கால்களை அங்கிருந்தே எடுக்கலாம். அப்டேட்டை நாலு வரியில் எழுதிப் போடலாம். சர்வர் விழுந்தால் போன் அடிக்கட்டும், மற்றதெல்லாம் காத்திருக்கும். அந்தக் காலையைத்தான் 11 மணி அப்டேட் மீட்டிங் நட்டநடுவில் பிளக்கிறது. கால் மணி நேரம் என்று தொடங்கி முக்கால் மணி ஓடுகிறது. எட்டுப் பேர்; கூட்டினால் தினமும் ஆறு மணி நேர உழைப்பு.

சார், நாளைக்கு அந்த 11 மணி மீட்டிங்கை எடுத்துவிடுங்கள். அதைப் பற்றிப் பேச எங்களைக் கூப்பிட வேண்டாம்.