மேனேஜர் மனசு யாருக்கு வரும்!

எங்கள் திறந்தவெளிச் சுரங்கத்து மேனேஜரைப் போல டிரைவர்களை நம்புகிறவர் வேறு எங்கும் கிடைக்க மாட்டார். நூறு டன் டம்பர் என்பது நடமாடும் மாடி வீடு. கேபின் இடது ஓரத்தில், உயரத்தில் இருக்கும். வலப்பக்கத்துத் தரை வெகுதூரத்துக்குத் தெரியாது. மூக்கை ஒட்டி ஜீப் நின்றாலும் தெரியாது. அதற்குத்தான் ஜீப்பில் நீளக் கம்பி நட்டு, டிரைவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் கொடி கட்டுவார்கள். எங்கள் மேனேஜர் ஜீப்பில் கம்பி வளைந்து பானெட்டில் படுத்திருக்கிறது. கொடி கண்ணாடி துடைக்கிறது. அந்த ஜீப்பை டம்பருக்கு முன்னால் நிறுத்திவிட்டு நிதானமாக டீ குடிக்கிறாரே, அதுவல்லவா நம்பிக்கை!

சிக்கனத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை. பெஞ்ச் விளிம்பில் போடும் மண்கரை, அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டியின் அச்சு உயரமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. எங்கள் டம்பர் டயரின் உயரம் சுமார் 2.7 மீட்டர். ஆகவே கரைக்கு 1.35 மீட்டர் வேண்டும். மேனேஜர் முழங்கால் அளவோடு நிறுத்தினார். பின்டயர் அதை வயல் வரப்பைப் போல ஏறிக் கடந்துவிடும். விளிம்புக்குச் சற்று முன்பே கொட்டி, டோசரால் தள்ளலாம்தான். டோசருக்கு டீசல் யார் அப்பன் வீட்டுக் காசு?

ஆனால் அவர் பொறுமையைப் பார்க்க வேண்டுமென்றால் மேல் பெஞ்சுக்குப் போக வேண்டும். விளிம்புக்கு நாலு மீட்டர் உள்ளே, விளிம்போடு ஒட்டியே ஓடும் ஒரு விரிசல். சர்வேயர் அதன் இருபுறமும் ஆணி அடித்து டேப்பால் அளந்தார். திங்களிலிருந்து புதனுக்குள் இடைவெளி 2 மி.மீ. கூடியது, புதனிலிருந்து வெள்ளிக்குள் 7 மி.மீ. எவ்வளவு அகலம் என்பதைவிட, வேகம் கூடுகிறதா என்பதே பயமுறுத்த வேண்டிய சங்கதி. அடிவாரம் வேறு உப்பியிருந்தது. காய்ந்து கிடந்த இடத்தில் நீர் கசிந்தது. காரணமில்லாமல் சிறு கற்கள் உருண்டன. மேனேஜர் பதறவில்லை. விரிசலில் மண் போட்டு மூடச் சொன்னார். மழைநீர் உள்ளே இறங்காமலிருக்க மூடுவது சரியான வேலைதான். அளப்பதையும் சேர்த்து மூடியதுதான் அவர் கண்டுபிடிப்பு. கீழே எக்ஸ்கவேட்டர் அசராமல் தோண்டியது.

யூட்டா மாநிலத்து பிங்காம் கேன்யன் செம்புச் சுரங்கக்காரர்களுக்கு இந்த நெஞ்சுரம் இல்லை. மலைச்சரிவு நகர்வதை ராடாரில் பார்த்தே பயந்து, 2013 ஏப்ரல் 10 அன்று ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். இரவு மலை இரண்டு தடவையாகச் சரிந்தது. டம்பர்கள் புதைந்தன, ஒரு ஆளுக்கும் கீறல்கூட இல்லை. கோழைகள்.

நேற்று மேனேஜர் அந்த ஆணிகளையும் பிடுங்கச் சொல்லிவிட்டார். சும்மா இருக்கிற விரிசலை அளந்து அளந்துதான் சர்வேயர் பெரிசாக்குகிறாராம்.