முதல் வரியிலேயே கொலை

கதையைப் போட்டு உடைக்காமல் நாவலைப் பரிந்துரைப்பது நம் அணிந்துரைக்காரர்களுக்கு வராத கலை. கடைசி அத்தியாயத்தில் சாகிறவரை இரண்டாம் பத்தியிலேயே அடக்கம் செய்துவிட்டு, 'மீதியை வாசகர் படித்து மகிழ்க' என்பார்கள். அவர்களுக்கு வேலையே வைக்காத குறுநாவல் ஒன்றை மார்க்கேஸ் 1981இல் வெளியிட்டார்: 'முன்கூறப்பட்ட சாவின் சரித்திரம்'. தலைப்பில் சாவு, முதல் வாக்கியத்தில் செத்தவர் பெயர். கொல்லப் போகிறவர்களோ கத்தியைத் தீட்டியபடி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். பாதிரியாருக்குத் தெரியும், பால்கடைக்காரிக்கும் தெரியும். பிறகும் எப்படி நடந்தது? அதுதான் நாவல். பலருக்கும் ஆளுக்கொரு சாக்கு, எல்லாமே நியாயமானவை. சிலவற்றை நீங்களே போன வாரம் சொல்லியிருப்பீர்கள். கொலைக்குக் காரணமான பழி உண்மையா என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். சிறிய புத்தகம்தான், ஒரே மூச்சில் படியுங்கள்.