பூட்டா, புட்டா?

போன வாரம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனேன். உட்கார இடமில்லை. இடது கை கம்பியில், வலது கையில் போன். ஏழாவது கொண்டை ஊசி வளைவில்தான் ஞாபகம் வந்தது, கதவைப் பூட்டச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று. விரலை எடுக்காமல் இழுத்து மகனுக்கு அனுப்பினேன்: 'போகும்போது புட்டு.'

'எனக்கு வேணாம்மா' என்று பதில் வந்தது. வீடு சாயங்காலம் வரை திறந்தே கிடந்தது.

தப்பு என் விரலில் இல்லை. poottu என்று இழுத்துப் பாருங்கள். p, o, t, u எல்லாம் ஒரே வரிசை. p-யிலிருந்து இடப்பக்கம் t வரை போய், u-வுக்குத் திரும்ப வேண்டும். puttu-வுக்கும் அதே கோடு. pottu-வுக்கும் அதே. வழியில் o-வைத் தொட்டோமா, சும்மா கடந்தோமா என்று போனுக்கு எப்படித் தெரியும்? ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தாலும் கோடு மாறாது. ஆக பூட்டு, புட்டு, பொட்டு, போட்டு நான்கும் அதற்கு ஒன்றுதான். டிபன் விஷயம் இன்னும் மோசம். poori, pori, puri, piri: p-யிலிருந்து r, அங்கிருந்து i. பூரி கேட்டால் பொரி வரும். 'புரியுதா' என்று கேட்கப் போய், குடும்பத்தையே பிரிக்கச் சொன்னதாக ஆகும். திரும்பும் இடங்களை வைத்துத்தான் அது சொல்லைக் கண்டுபிடிக்கிறது. ஏற்காட்டு மலைப்பாதை மாதிரி இருபது வளைவு கொடுத்தால் kondaiyoosi-யைக்கூடச் சரியாகப் போடும். நேர்ரோட்டில்தான் தடுமாறும்.

தட்டி அடிக்கலாமே என்பீர்கள். என் கை வளையல் கடையில் 2-2 அளவு. கட்டைவிரல் q பக்கம் எட்டாது. தமிழ்99-இல் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். இரண்டு கைக்கு அருமையான ஏற்பாடு. ஒரே கட்டைவிரல் என்றால் எழுத்துக்கு எழுத்து அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடணும்.

"அத்தை, ஒரு கை மோடு இருக்கே" என்றான் அண்ணன் மகன். போட்டுக் கொடுத்தான். விசைப்பலகை ஒடுங்கி வலப்பக்கம் ஒட்டிக்கொண்டது. எட்டுகிறது. ஆனால் பக்கத்திலேயே ஓர் அம்புக்குறி; பஸ் குலுங்கி அதில் விரல் பட்டால் முழுப் பலகையும் இடப்பக்கம் தாவிவிடும். அகலம் குறைந்ததும் எழுத்துகளும் ஒல்லியாகிவிட்டன. விரல் நுனி அப்படியேதானே இருக்கிறது? u-வைத் தட்டினால் i. சரி என்று உயரத்தைக் கூட்டி, பலகையைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தேன். கட்டைவிரல் மடங்காமல் இருக்கிறது, அது நிஜமான சுகம். மேல் வரிசையும் நடு வரிசையும் குழம்புவதில்லை. பூட்டும் புட்டும் ஒரே வரிசை என்பதால் அந்தச் சண்டை மட்டும் தீரவில்லை.

இப்போது நீளச் சொல்லை இழுக்கிறேன், குட்டிச் சொல்லைத் தட்டுகிறேன். பூட்டுக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன்.