ரசீது இருக்கிறது, பணம் இருக்கிறதா?

கேள்வி: தணிக்கைத் தாளில் வவுச்சிங்குக்கும் வெரிஃபிகேஷனுக்கும் வித்தியாசம் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? – பி.காம். மாணவி, மதுரை

பதில்: இல்லை. வவுச்சிங் என்பது செலவோ வரவோ நடந்ததற்குச் சான்று தேடுவது. சீட்டில் தேதி, தொகை, நிறுவனத்தின் பெயர், ஒப்புதல் கையெழுத்து ஆகியவற்றைப் பாருங்கள். சரியான கணக்குத் தலைப்பில் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வெரிஃபிகேஷன் ஆண்டுக் கடைசியில் வருவது: சொத்து இருக்கிறதா, நிறுவனத்துக்குச் சொந்தமா, அடமானத்தில் இருக்கிறதா, மதிப்பு சரியா?

இதற்கு உதாரணமாகச் சத்யம் நிறுவனத்தின் வழக்கை எழுதுங்கள். ரொக்கமும் வங்கி இருப்புமாக ₹5,361 கோடி காட்டியதில் ₹5,040 கோடி இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7-ல் நிறுவனத் தலைவரே கடிதம் எழுதினார். வைப்புத்தொகை ரசீதுகள் என்னவோ அச்சு அசலாக இருந்தன! இருப்பை உறுதிசெய்யும் கடிதத்தைத் தணிக்கையாளர் தாமே வங்கிக்கு அனுப்பி, பதிலையும் நேரடியாகப் பெற வேண்டும். அங்கே அதை நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான்.

விடைத்தாளில் 'வங்கியிடமிருந்து நேரடி உறுதிக்கடிதம்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள்.