ராஜா உடம்பு, பேரன் முகம்

கேள்வி: பேரனின் காதுகுத்து பேனருக்கு அவன் முகத்தை ராஜா உடம்பில் ஒட்டித் தரச் சொன்னேன். வந்து நிற்பதோ அறுபது வயது ஜமீன்தார்! ஏன்?
– ஒரு தாத்தா, ஒதியம்பட்டு

பதில்: பேரன் மேல் குற்றமில்லை, ஒட்டிய முறையில்தான். டிசைனர் அவன் கண்ணையும் வாயையும் ராஜாவின் கண், வாய் மேல் பொருத்தியிருப்பார். பெரியவருக்குக் கண் தலையின் நடுவே. குழந்தைக்கோ அதற்கும் கீழே, மேலே முழுக்க நெற்றியும் மண்டையும்தான். பிறக்கும்போது மண்டை எட்டுப் பங்கென்றால் முகம் ஒரு பங்கு. பெரியவரிடம் அது ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. ராஜாவின் அளவுக்கு இழுத்தால் மூக்கும் தாடையும் நீளும், நெற்றி கிரீடத்துக்குள் போய்விடும். வயது கூடிவிட்டது, அவ்வளவுதான்.

முகத்தை மட்டும் வெட்டாமல் முடி, காது, மோவாயோடு முழுத் தலையையும் எடுக்கச் சொல்லுங்கள். கிரீடம் பெரிதாகட்டும். கழுத்து ஏறக்குறைய மறையட்டும். கைக்குழந்தையின் தலை உடம்பில் கால் பங்கு. இரண்டு வயதில் ஐந்தில் ஒன்று. அதனால் ராஜாவின் உடம்பையும் குறுக்க வேண்டும்.

தோல் தனிக்கதை. ராஜாவின் நிறத்துக்கு முழுசாக மாற்றினால் கன்னச் சிவப்பு போய்விடும். வெளிச்சத்தை மட்டும் ஒத்துப்போகச் செய்தால் போதும். கூர்மையை ஏற்றினால் பெரியவரின் தோல்துளைகள் வந்துவிடும். ஒரேயடியாக வழுவழுப்பாக்கினால் பிளாஸ்டிக் பொம்மை. மோவாயில் நிழலாகத் தாடி தெரிந்தால், அது ராஜாவுடையது. அழிக்கச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.