பத்துக்குப் பத்து

இறுதிப்போட்டி முன்னோட்டம் எழுதுகிறவன் யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், நாளைக்குச் சட்டையைப் பிடித்தால் நழுவவும் இடம் வேண்டும்.

2023 உலகக் கோப்பை இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 19, அகமதாபாத், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். முன்னோட்டத்தில் தவறாமல் வரும் அங்கம், 'கடைசி ஐந்து ஆட்டங்கள்' பெட்டி. இந்தியாவுக்கு ஐந்தும் வெற்றி, ஆஸ்திரேலியாவுக்கும் ஐந்தும் வெற்றி. பெட்டியைப் போடாமல் அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டிருந்தால் பத்திரிகைக்காவது லாபம். இந்தியா பத்துக்குப் பத்து என்பது ஊருக்கே தெரியும். முதல் இரண்டில் தோற்ற ஆஸ்திரேலியா அடுத்த எட்டையும் ஜெயித்திருந்ததுதான் யார் கண்ணிலும் படவில்லை. அதிலும் ஆப்கானிஸ்தானோடு 292 இலக்கைத் துரத்தி 91க்கு 7 விக்கெட் போன பிறகு, மேக்ஸ்வெல் தசைப்பிடிப்போடு நின்ற இடத்திலிருந்தே 201 அடித்தார். பெட்டியில் அதுவும் ஒரு 'வெற்றி'தான்.

அடுத்து காயப் பட்டியல். யார் ஆடவில்லை என்று எழுதுவது சுலபம். அவர் போன ஓட்டை எங்கே என்று பார்ப்பதுதான் வேலை. புனேயில் கணுக்கால் பிசகிய பாண்டியா போனதும் ஷமி உள்ளே வந்து, இறுதிக்குள் 23 விக்கெட் எடுத்துவிட்டார். காயமே அதிர்ஷ்டம் என்று ஊர் கொண்டாடியது. ஆனால் கணக்கு வேறு: ஆறாவது பந்துவீச்சாளர் இல்லை, ஜடேஜாவுக்குப் பிறகு மட்டை பிடிக்க ஆளில்லை. நடுவில் விக்கெட் விழுந்தால் நிற்கிறவர் பயந்து பயந்துதான் ஆட வேண்டும். மறுநாள் அதுவே நடந்தது: பத்து ஓவருக்குப் பிறகு இந்தியா அடித்தது நாலே பவுண்டரி.

எதிர்ப்பக்கம் டிராவிஸ் ஹெட். செப்டம்பரில் கை உடைந்தவரை ஆஸ்திரேலியா அணியிலேயே வைத்துக் காத்திருந்தது. வந்த முதல் ஆட்டத்தில் 67 பந்தில் 109. 'குணமானவர்கள்' என்று எந்தப் பத்திரிகையும் பட்டியல் போடுவதில்லை, அதனால் இவர் எங்கும் சிக்கவில்லை.

கடைசியாக 'கவனிக்க வேண்டிய மோதல்'. இரண்டு பேரை முறைத்துக்கொள்ளும்படி படம் போட்டாக வேண்டும். செய்தி ஆசிரியருக்குக் கோலியும் ஸ்டார்க்கும் வேண்டும். "இடக்கையர்களுக்கு ஷமி ரவுண்ட் த விக்கெட் வந்து வீசுகிற பந்துதான் சார் ஆட்டம். ஸ்டோக்ஸ் போல்டு, கான்வே, ரவீந்திரா இரண்டு பேரும் கீப்பர் கேட்ச். நாளைக்கு வார்னர், ஹெட்" என்றேன். "அதெல்லாம் சரிய்யா, படத்துல ஹெட்டுன்னா யாருக்குத் தெரியும்?" என்றார்.

ஷமி வார்னரை எடுத்தார். ஆஸ்திரேலியா 47க்கு 3. ஹெட் 137. இந்தியாவின் 240 போதவில்லை.

திங்கட்கிழமை எல்லாப் பத்திரிகையிலும் ஹெட் படம் முதல் பக்கத்தில். எங்கள் ஆசிரியர் கேட்டார்: "இவனப் பத்தி முன்னாடியே ஏன்யா ஒண்ணும் போடல?"